அட்டையில் சிவப்பு மசி

இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் தொழுநோய் ஆய்வாளர். கரியாலூர் மலைக்கு ஒரு நாள், மூங்கில்துறைப்பட்டுக்கு ஒரு நாள் என்று மாதாமாதம் ஊர் ஊராகப் போய், முதல் நாள் மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். மிச்சம் இருபத்தேழு நாள் மாத்திரையை நோயாளி வீட்டில் போட்டுக்கொள்வார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆபீசில் சொல்வார்கள். பொய்யில்லை.

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டும் ஒரு அம்மா இருந்தார். உடம்பு முழுக்கத் தேமல், மரத்துப்போன திட்டுகள். மூன்று மருந்து, இரண்டு வருஷம். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. ஏழாவது மாதம் போனால் திட்டெல்லாம் சிவந்து, தடித்து, தொட்டாலே சுட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்று முடிவு கட்டி, அவருடைய சிகிச்சை அட்டையில் சிவப்பு மசியால் ‘மருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினேன். என்ன கொழுப்பு எனக்கு!

அவர் அழவில்லை. புடவைத் தலைப்பை விலக்கி, கன்னத்தை என் பக்கம் திருப்பினார்.

“மாத்திரைய துன்னலன்னா இந்தக் கருப்பு எங்கேர்ந்து சார் வந்துச்சி? ஊரே என்னை இன்னாடி கரிக்கட்டையா போய்க்கினு இருக்கறன்னு கேக்குது.”

மூன்றில் ஒரு மருந்து தோலைக் கருக்க வைக்கும். ஒரு நாள் மாத்திரையில் அப்படிக் கருக்காது. மாதக்கணக்கில் தவறாமல் தின்றவர்தான் அந்த நிறத்துக்கு வருவார். நானே அதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். முழங்கைக்குப் பின்னால் நரம்பை மெல்லத் தொட்டதும் துடித்துக் கையை இழுத்துக்கொண்டார். வலது கை சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் அந்த அட்டையைச் செருகி, விடாதீங்க என்றேன். லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. பத்து நாளாகத்தான் அருவாள் கையில் நிற்கவில்லையாம். கரும்பு வெட்டு தொடங்க இன்னும் சில மாதம்தான். அந்தக் கை போனால் அவருக்குப் பிழைப்பே இல்லை.

கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஓடவில்லை. அவரைக் கூட்டிப்போக வழியில்லாமல் நான் மட்டும் சைக்கிளை மிதித்தேன். சாலை நெடுக வெட்டிப் போட்ட புளியமரங்கள். ஒரு மரத்தருகே மறியல் செய்தவர்கள் மறித்தார்கள். ஒரு பொம்பளையின் கை போகப்போகிறது, மருந்து வாங்கப் போகிறேன் என்றேன். நாலு பேர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

எங்கள் டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு, சிவப்பு மசி எழுதியதற்கு முதலில் என்னைத் திட்டினார். பிறகு சொன்னார்:

“மருந்து தோக்கலைய்யா. உடம்பு இப்பத்தான் கிருமிய அடையாளம் கண்டு சண்டை போடுது. அந்தச் சண்டையில நரம்பு நசுங்குது. மூணு மருந்தையும் ஒரு நாள் கூட நிறுத்தாதே.”

வீக்கம் அடங்க ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். தினமும் காலையில் சாப்பிட்டபின் எட்டு. அவர் சொல்லிக் குறைக்கலாமே தவிர, சட்டென்று நிறுத்தக் கூடாது. கைக்குத் துணி சுற்றிய கட்டை வைத்துக் கட்டி ஓய்வு. வழி திறந்ததும் ஆளைக் கூட்டி வரணும்.

மறுநாளே அதே மரங்களைத் தாண்டித் திரும்பினேன். அந்த அம்மாவின் புருஷன் வாசலிலேயே மறித்து, இந்த மருந்தாலதான் ஜாஸ்தி ஆச்சு, நிறுத்திடுறோம் என்றார். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். அவரே ‘சரி, குடுங்க’ என்று மாத்திரைக்குக் கை நீட்டினார்.

வழி திறந்ததும் டாக்டர் பார்த்தார். மாதக்கணக்கில் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். திட்டுகள் அடங்கின. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்டன. மற்ற மூன்று மருந்தும் ஒரு மாதம் தவறவில்லை. நடுவில் ஒரு வெட்டு சீசன் போனது. அடுத்ததில் அவர் வயலில் இருந்தார்.

இரண்டு வருஷம் முடிந்த அன்று, தோல் சோதனையிலும் கிருமி இல்லை என்று சொல்லப் போனேன். அவர் என் பையிலிருந்து தன் அட்டையை உருவி, சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் தானே செருகிக்கொண்டார்.

“இழுங்க சார், பாக்கலாம்.”

இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். அட்டை கிழியும் போலிருந்ததே தவிர, வரவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“அந்த செவப்பு எழுத்த அடிங்க, வுட்டுர்றேன்.”

அட்டை அவர் விரலிலேயே இருக்க, நான் குனிந்து அந்த வரியை அடித்தேன்.