அக்டோபரில் வரும் பணம்

பூதலூரில் அவல் மில் நடத்தும் வானதிக்கு, திருச்சி மொத்த வியாபாரி ஒருவர் ஜூன் கடைசியில் போன் செய்தார். கோகுலாஷ்டமிக்காக ஆகஸ்டில் ஆறு லட்ச ரூபாய்க்குச் சரக்கு வேண்டுமாம். வழக்கமாக மாதம் இரண்டு லட்சத்துக்குத்தான் போகும். கணவர் மதிவாணன் அன்றைக்கே புது மிஷினுக்கு விலை கேட்டுவிட்டார்.

வானதி ஆகஸ்டை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டாள். சரக்குப் போன இரண்டாம் மாதம்தான் பணம் வரும் என்பதால், ஆகஸ்டில் கைக்கு வருவது ஜூன் விற்பனையின் இரண்டு லட்சம். கையிருப்பு ஐம்பதாயிரம். ஜூலையில் கடனுக்கு எடுக்கப்போகும் நெல்லுக்கு ஆகஸ்டில் மூன்றரை லட்சம் கட்ட வேண்டும். கூலி எண்பதாயிரம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் துண்டு விழுந்தது.

"அதான் ஆறு லட்சம் வரப்போவுதே!" என்றார் மதிவாணன்.

"அது அக்டோபர்ல வருங்க. நம்ம ஆளுங்க சனிக்கிழமையே கூலி கேப்பாங்க."

வியாபாரியிடம் நேராகவே சொன்னாள். "லோடு ஏத்தும்போதே ரெண்டு லட்சம் குடுத்துடுங்க. இல்லன்னா வழக்கமான சரக்குதான்."

"அப்ப வேற மில் பாத்துக்கறேம்மா."

"தாராளமா பாருங்க."

மதிவாணன் கோபத்தில் இரண்டு நாள் மில் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வியாபாரியே அழைத்து, பணத்துக்குச் சம்மதித்தார்.

மதிவாணன் முகம் மலர்ந்தது. "அப்ப மிஷின்?"

"நவம்பர்ல வரச் சொல்லுங்க."