இரண்டு பர்சென்ட்

கல்யாணமான இரண்டாம் வருடம், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐந்தாயிரமாகப் போட்டுத் தொண்ணூறாயிரம் சேர்த்திருந்தோம். என் கணவருக்கு அது போதவில்லை. நல்ல ஃபண்டைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ள மூவாயிரம் கட்டி, திருப்பதியிலிருந்து சித்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்வந்தார்.

"ஃபண்டை மாத்திக்கினா வருஷத்துக்கு ரெண்டு பர்சென்ட் கூட வரும்" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"தொண்ணூறாயிரத்துக்கு ரெண்டு பர்சென்ட் எவ்ளோங்க?"

"ஆயிரத்து எண்ணூறு."

"அதுவும் வந்தாத்தான். கிளாஸுக்கு எவ்ளோ கட்டினீங்க?"

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுமாதமே வாடகை குறைவான வீட்டுக்கு மாறினோம். மிச்சமான வாடகையோடு என் சம்பள உயர்வையும் சேர்த்து மாதம் பத்தாயிரம் போட ஆரம்பித்தேன். வருடத்துக்கு அறுபதாயிரம் கூடுதல். எங்களிடம் இருந்த தொகைக்கு எந்த நல்ல ஃபண்டும் அவ்வளவு தந்திருக்காது.

அதன்பின் பத்து வருடம் அவரை ஃபண்ட் மாற்ற விடவில்லை. பாவம், தினமும் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொள்வதோடு சரி.

போன வாரம் ஃபண்டில் இருந்த பணம் இருபது லட்சத்தைத் தாண்டியது. இப்போது இரண்டு சதவீதம் என்றால் நாற்பதாயிரம், எங்கள் நான்கு மாதச் சேமிப்பு. அந்தச் சித்தூர் வகுப்பின் நோட்டைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"இனிமே நீங்க பாருங்க."

"இதத்தான் நான் அன்னிக்கே சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

சண்டைக்குப் போகவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.