பெர் இன்கியூரியம்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்த பிள்ளை சட்டம் படித்துக் கோட்டுப் போடப் போகிறான் என்றால் அந்த லயம் முழுக்கவே கொஞ்சம் நிமிர்ந்து நடக்கும். கணேசமூர்த்தி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அவன் அக்கா சண்முகவடிவு கொழுந்து பறித்துப் படிக்கவைத்தாள். அட்டனில் வக்கீல் தொழில் பார்த்த பிரக்கிராசி மகாலிங்கத்தார் அவனைத் தன் கந்தோரில் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் ஐம்பது தாண்டியபின் புத்தகம் புரட்ட அலுப்புப்பட்டார். புரட்டுகிற வேலை முழுக்கக் கணேசமூர்த்தியின் தலையில் விழுந்தது. அவனுக்கு அது பாரமாகவே இல்லை. சட்ட அறிக்கைகளைக் கதைப்புத்தகம் படிக்கிற மாதிரிப் படித்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களில் வடிவின் புருஷன் அழகுமுத்துவும் ஒருவன். வேலைநிறுத்தம் ஓய்ந்ததும் தோட்டத்தை நிர்வகித்த துரை அவனுக்கு நோட்டீஸ் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார். அழகுமுத்து வேறு தோட்டத்தில் வேலை தேடிப் பூண்டுலோயாப் பக்கம் போனான். வடிவு இரண்டு பிள்ளைகளோடு லயத்துக் காம்பராவிலேயே இருந்துவிட்டாள். புருஷனுக்கு வேலை போனால் பெண்சாதி பெயரும் வேலையாள் பதிவேடான செக்ரோலிலிருந்து அடிபடும். அது தோட்டத்து வழக்கம். நோட்டீஸ் ஒன்றுதான், அது ஆம்பளை கையில்தான். மழை மேலிருந்து பெய்கிறது என்பதை யாராவது கேள்வியாகக் கேட்பார்களா? அந்த வழக்கத்தையும் லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் துரை பொலிசில் முறைப்பாடு செய்தார். சண்முகவடிவு மேல் குற்ற அத்துமீறல் வழக்கு வந்தது. போகச் சொன்ன பிறகும் தோட்டத்துச் சொத்தில் குந்திக்கொண்டு நிர்வாகத்துக்குத் தொல்லை தருகிறாளாம். வழக்குத் தோற்றால் காம்பரா போகும், காம்பரா போனால் போக்கிடம் இல்லை. அக்காவுக்கு அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறைதான் உலகத்தில் இருந்த ஒரே இடம்.

கணேசமூர்த்தி புத்தகங்களுக்குள் இறங்கினான். இரண்டு தீர்ப்புகள் கிடைத்தன. இரண்டும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில், இரண்டிரண்டு நீதியரசர்கள் மேன்முறையீட்டில் சொன்னவை. பழைய தீர்ப்பு, இருக்க உரிமை உண்டென்று நம்பி இருக்கிற தொழிலாளி குற்றவாளி அல்ல, துரைக்கு வேண்டுமானால் சிவில் வழக்குப் போட்டு வெளியேற்றட்டும் என்றது. புதிய தீர்ப்பு, நோட்டீஸ் வாங்கிய பிறகும் இருந்தால் குற்றம்தான் என்றது. புதியதை அவன் மூன்று தரம் வாசித்தான். பழைய தீர்ப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த நீதியரசர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதை யாரும் எடுத்துக்காட்டவே இல்லை!

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த சங்கதி கைக்குள் வந்து விழுந்திருக்கிறது. பெர் இன்கியூரியம். தன்னைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பையோ சட்டத்தையோ கவனியாமல் சொன்ன தீர்ப்பு. அப்படிப்பட்டதை ஒதுக்கிவைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. மறுநாள் காலை பிரக்கிராசியார் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“சேர், நம்ம சங்கதிய நாமளே ஒத்துக்கிடுவோங்க. நோட்டீஸ் குடுத்தது நிஜம், அக்கா அங்கேயே இருந்தது நிஜம். சாட்சி கீட்சி ஒண்ணும் வேணாம். சட்டத்த மட்டும் பேசுவோம். புதுத் தீர்ப்பு பெர் இன்கியூரியம்ங்க.”

மகாலிங்கத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, ஒப்புக்கொள்ளுறதெண்டால் யோசிச்சுச் செய்யவேணும். பிறகு திரும்ப ஏலாது. துரையைக் கூண்டில ஏத்தி நாலு கேள்வி கேட்டால் என்ன?”

“கேட்டா அக்கா மேல இன்னும் நாலு பழியச் சொல்லுவாருங்க.”

 அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பையன் சொன்னது சரியாகவும் இருந்தது, வேலையும் குறைவு. சரி என்றுவிட்டார்.

வழக்கு நாளன்று நீதவான் பொறுமையாகக் கேட்டார். பேச்செல்லாம் இங்கிலீசில். கூண்டில் நின்ற வடிவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரக்கிராசியார் முடித்ததும் நீதவான் கேட்டார்: “நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். உயர் நீதிமன்றத்து நீதியரசர்கள் இருவர் கவனப்பிசகாகத் தீர்ப்புச் சொன்னார்கள் என்று, அவர்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான் எப்படிச் சொல்வேன்? அதை அந்த நீதிமன்றமே சொல்ல வேண்டும். நான் கேட்பது வேறு. அந்த வழக்கின் உண்மைகளுக்கும் இந்த வழக்கின் உண்மைகளுக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?”

மகாலிங்கத்தார் பின்னால் திரும்பிக் கணேசமூர்த்தியைப் பார்த்தார். இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

“இல்லை, கனம் நீதவான் அவர்களே.”

“அப்படியானால் முரண்படும் இரண்டில் ஒன்றை நான் எடுத்தாக வேண்டும். பிந்தியதை எடுக்கிறேன்.” அபராதம் விதித்தார். இனியும் அங்கே இருந்தால் மறுபடி வழக்கு வரும், அப்போது மறியல், சிறைதான் என்று எச்சரித்தார்.

வெளியே வந்ததும் பிரக்கிராசியார், “அப்பீல் செய்வம் பிள்ளை. உன்ரை தம்பியின்ரை கதை அங்கைதான் எடுபடும்” என்றார். வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “போதுங்க. இப்பவே காம்பராவ விட்டுட்டா தோட்டத்த விட்டு அனுப்பயில தர்ற எம் புருசன் பத்துச்சீட்டுல குத்தங்கொற ஒண்ணும் எழுதாமத் தாரேன்னு துரை சொல்லியிருக்காரு. நல்ல சீட்டு இல்லாட்டி எந்தத் தோட்டத்துல சேப்பாங்க?” அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வாரமே சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கணேசமூர்த்திக்கு அடுத்த வாரமே கொழும்பில் இறுதிப் பரீட்சை. போகாமல் விடுவோமா என்றுகூட நினைத்தான். வடிவுதான் பிடரியில் கைவைத்துத் தள்ளாத குறையாக ரயிலேற்றிவிட்டாள். “நா பறிச்ச கொழுந்தெல்லாம் வீணாப் போகணுமாடா?”

பரீட்சையில் நாலாவது கேள்வி அவனைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. சம எண்ணிக்கை நீதியரசர்கள் அமர்ந்த இரண்டு மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் முரண்படுகின்றன. பிந்தியது முந்தியதைக் குறிப்பிடவே இல்லை. கீழ்நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்கும் நீதவான் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

இப்போது யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிபட்டுக் கற்றதை எழுதினான். மேல்நீதிமன்றத் தீர்ப்பை நீதவான் மேவித் தள்ள முடியாது. பிழை என்று தள்ளுகிற அந்த அதிகாரம் கூடுதல் நீதியரசர்கள் அமர்கிற அமர்வுக்கே உண்டு. அது கவனப்பிசகால் வந்த தீர்ப்பென்றும் நீதவான் அறிவிக்க முடியாது, அதையும் மேல்நீதிமன்றமே சொல்ல வேண்டும். அவர் செய்யக்கூடியது முதலில் ஒன்றுதான்: வேறுபடுத்திப் பார்ப்பது. முன்னே இருக்கிற வழக்கில் முக்கியமான உண்மை ஏதாவது மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பு அவரைக் கட்டாது. யாரையும் பிழை சொல்லாமலே அதை விலக்கிப் போகலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உதாரணம் தருக என்று கேள்வியின் கடைசியில் இருந்தது. அவனுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றுதான். எழுதத் தொடங்கினான். பிந்திய வழக்கில் நோட்டீஸ் குற்றஞ்சாட்டப்பட்ட தொழிலாளியின் கையிலேயே கொடுக்கப்பட்டது. போகச் சொன்னது தெரிந்தும் தொல்லை தரும் எண்ணத்தோடு அவர் இருந்தார் என்பதற்கு அதுவே ஆதாரமாயிற்று. ஆனால் நோட்டீஸ்…

பேனா நின்றது.

நோட்டீஸ் அக்கா கைக்கு வரவே இல்லையே. அது அழகுமுத்து கையில் கொடுத்தது. அக்காவை யாரும் நிறுத்தவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. செக்ரோலில் ஒரு கோடு இழுத்தார்கள், அவ்வளவுதான். வித்தியாசம் உண்டா என்று நீதவான் வாய்விட்டுக் கேட்டார். லயத்தில் பிறந்து வளர்ந்தவன், அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது, பெரியம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது, அதனால் அது அவன் கண்ணுக்கு ஒரு உண்மையாகவே படவில்லை. கண்டியிலிருந்தோ காலியிலிருந்தோ வந்த ஒரு மாணவன் முதல் நாளே கேட்டிருப்பான், நோட்டீஸை யாரிடம் கொடுத்தார்கள் என்று. இவன் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, தலையை வேறு ஆட்டினான்.

மண்டபத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது. ஓடி எங்கே போவது? உதாரணத்தை எழுதி முடித்தான். சுத்தமான கையெழுத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதினான்.

அட்டனுக்குத் திரும்பியதும் நேரே பிரக்கிராசியாரிடம் போய்ச் சொன்னான்.  “அப்பீல் காலம் முடிஞ்சுபோச்சுது. முடியாட்டிலும் என்ன, நோட்டீஸ் குடுத்தது உண்மையெண்டு நாங்களே எழுதிக் குடுத்திட்டம். வழக்கேட்டில இல்லாத உண்மையை வைச்சு எந்த நீதியரசரிட்டை வேறுபடுத்திக் காட்டுறது?” பிறகு, “என்ரை பிழையும்தான் தம்பி” என்றார். அவன் பரீட்சையில் தேறினான். அந்தக் கேள்விக்கு அந்த வருஷம் அவனுக்குத்தான் ஆகக் கூடிய புள்ளியாம். கந்தோரில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவன் தொடவில்லை.

நல்ல சீட்டு இருந்தும் அழகுமுத்துவை ஒரு தோட்டமும் சேர்க்கவில்லை. வேலைநிறுத்தக்காரன் என்ற பேச்சு சீட்டுக்கு முந்திப் போய்விடுகிறது. கொத்மலைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலில் ஒரு மழைக்காலம் கிடந்தார்கள். இளைய பிள்ளை சளிக்காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். கணேசமூர்த்தி தலைமன்னார் வரைக்கும் போனான். நோட்டீஸ் விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வழிநெடுகத் தவித்தான், சொல்லாமலே திரும்பினான்.

பிரக்கிராசி கணேசமூர்த்தி பிறகு பேரெடுத்தவர். அத்துமீறல் வழக்கென்று யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்னேயே, “நோட்டீஸ யார் கையில குடுத்தாங்க?” என்றுதான் கேட்பார். இந்த ஒரே வேறுபாட்டைக் காட்டி எத்தனையோ பெண்களுக்குக் காம்பராவை மீட்டுக் கொடுத்தார். அவர்கள் அவர் காலில் விழ வந்தால் எரிந்து விழுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேறொரு வழக்கு கொழும்புக்குப் போயிற்று. இரண்டு தீர்ப்பும் மோதுவதால் கூடுதல் நீதியரசர்கள் அமர்ந்து கேட்டார்கள். பிந்திய தீர்ப்பு முந்தியதைக் கவனியாமல் சொன்னது, பிழையானது என்று மேவித் தள்ளினார்கள். அன்று கணேசமூர்த்தி சொன்னதெல்லாம் சொல்லுக்குச் சொல் சரியாயிற்று. அட்டனில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். அவர் அன்று மாலையே திருச்சிப் பக்கம் இருந்த அக்காவுக்கு எழுதினார். நோட்டீஸ் உன் கைக்கு வராததை நான் சொல்லாமல் விட்டது என் பிழை என்று முதல்தடவையாக எழுதினார். உன்னைத் தண்டித்த அந்தச் சட்டமே பிழை என்று இப்போது சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதினார்.

வடிவு மூத்த மகளைக்கொண்டு பதில் எழுதுவித்திருந்தாள். பிழையைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. ‘தம்பி, ரொம்ப சந்தோசம். இங்க மழையே இல்ல. எங்கள சிலோன்காரங்கன்னுதான் கூப்புடுறாங்க. தீர்ப்புதான் தப்புன்னு ஆயிருச்சே, அப்ப நாங்க நம்ம காம்பராவுக்குத் திரும்பி வரலாமா?’

மேவித் தள்ளுகிற தீர்ப்பு இனி வரும் வழக்குகளைத்தான் ஆளும், முடிந்துபோன வழக்கைத் தொடாது. அது எந்தச் சட்ட மாணவனுக்கும் தெரிந்த விடை. கணேசமூர்த்தி காகிதத்தை எடுத்து, முடியாது அக்கா என்று எழுதினார்.