நாற்பதாவது நொடி

தலைமையாசிரியரின் குரலைக் கேட்டாலே அறிவியல் டீச்சருக்குப் பதினோரு வருடமாகக் குமட்டும். அன்று டீச்சர் பலகையில் எழுதினார்: "வெயில் படாத அறையில் ஈரத்துணி எப்படிக் காய்கிறது?"

"ஒரு நிமிஷம் பேசாம யோசிச்சு எழுதுங்க. அப்புறம் ரெண்டு நிமிஷம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. கடைசியா, அவங்க சொன்னதை நீங்க எல்லாருக்கும் சொல்லணும்."

வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்ணும் எழுதினாள்.

நாற்பதாவது நொடியில் தலைமையாசிரியர் நுழைந்தார். "என்ன டீச்சர், கிளாஸ் எழவு வீடு மாதிரி கிடக்கு? இதுக்கெல்லாமா யோசனை? ஃபேன் போட்டா காயும்!"

வகுப்பு கைதட்டியது. அந்தப் பெண் தன் வரியை ரப்பரால் அழித்தாள். "தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறது" என்பது தாளில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

டீச்சருக்கு இப்போது தன்னை நினைத்தே குமட்டியது. அவருடைய கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.