பத்துக்கு அப்புறம் ரெண்டு

சுனாமி வீடுகள் கட்டி முடிந்த வருஷம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலக வாசலில் மீனவக் குடும்பங்கள் T1, T2 என்று எண் போட்ட டோக்கன்களோடு நின்றன. டோக்கன் வரிசையில் கூப்பிடுவோம். முன்னால் வருபவர் பிடித்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நான் அடித்துவைத்த பட்டியலை எக்செல்லில் வரிசைப்படுத்தி, மைக்கில் படித்தவர் என் அதிகாரி.

"T1." அடுத்து, "T10."

பத்தாம் டோக்கன் ஊர்த் தலைவருடையது. கூட்டம் கொதித்தது. T2 வைத்திருந்த பெண் மேசையில் ஓங்கி அடித்தாள். "ரெண்டு எங்க போச்சி? தலைவரு ஒங்களுக்கு மாமனா, மச்சானா?"

அதிகாரி என்னை முறைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முன்னாடி T இருந்தா எக்செல்லுக்கு அது நம்பர் இல்ல சார், எழுத்து. ஒவ்வொரு எழுத்தாத்தான் பாக்கும். பத்துல மொதல்ல ஒண்ணு வருதுல்ல, அதான் ரெண்டுக்கு மேல போயிடுச்சி."

எண்ணை மட்டும் பக்கத்துக் கட்டங்களில் பிரித்துப் போட்டு, அதன்படி மறுபடி வரிசைப்படுத்தினேன். T2 இரண்டாவதாக வந்தது.

புதிய தாளை அவளிடம் காட்டி, "கம்ப்யூட்டர்ல வந்த தப்பும்மா" என்றேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? கத்துனாதான் நம்ம நம்பரு வருது."