‘மைட்’ என்று சொன்னால்

மெல்பர்னுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. தமிழ்வழியில் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. இலக்கணத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் கறிக்கடையில் ஆட்டுக்கறி கேட்கப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நான்கு மாதக் குழந்தை. அவனுக்கு ஏதாவது என்றால் யாரிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் விழித்திருக்கும் நேரமெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பு ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்தது. பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தார்கள். ஆசிரியை என்னைவிட இளையவள். பெரிய வட்டக் கண்ணாடி, கம்பளிக் கையுறைகள், எப்போதும் சாக்பீஸ் தூள் படிந்த பாவாடை. கரும்பலகையைவிடத் தன் உடம்பைத்தான் அதிகம் பயன்படுத்துவாள்.

‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்து வந்தவள் நான். “கதவைத் திறக்க முடியுமா என்று கேட்க ஏன் ‘குட் யூ’ என்கிறார்கள்? அது நேற்று நடந்ததா?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் மேசைக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். “கேன் யூ ஓபன் த டோர்?” ஓர் அடி பின்னால் போனாள். “குட் யூ ஓபன் த டோர்?” இன்னும் இரண்டு அடி. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஓபன் த டோர்.” இப்போது சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். “நேற்று என்பதும் தூரம்தான், மரியாதை என்பதும் தூரம்தான். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டோம். தள்ளி நின்று கேட்டால், மறுக்க மற்றவருக்கு இடம் கிடைக்கும்.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேக்கப் பெண் கையைத் தூக்கினாள். “அப்போ என் மாமியாரிடம் உப்பு கேட்க நான் கிரீஸுக்கே திரும்பிப் போகணும்.”

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவும் செய்தேன், வியக்கவும் செய்தேன். ஆண்டுக்கணக்காக நான் படித்த இலக்கணத்தை ஒரு பெண் மூன்று அடி பின்னால் நடந்து காட்டிவிட்டாள். நமக்கு ‘வா’, ‘வாங்க’ என்று ஆளுக்கேற்ற வினை இருக்கிறது. இவர்களுக்கு எல்லோரும் ஒரே ‘யூ’. அதனால் மரியாதை முழுவதும் இந்தத் துணைவினைகளின் தலையில் விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் உபசரிப்பையும் பயிற்சி செய்தோம். அவள் ஒவ்வொருவரிடமும் வந்து, “வுட் யூ லைக் எ கப் ஆஃப் டீ?” என்பாள். வேண்டுமென்றால் “யெஸ், ப்ளீஸ்.” வேண்டாமென்றால் “நோ, தேங்க் யூ.” இதை நான் சமையலறையில் குழந்தையிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

அதே வாரத்தில் ஒரு நாள் குழந்தைகள் நல மையத்துக்குப் போனேன். எடை பார்க்கும் சிஸ்டர் உயரமான பெண்மணி. நரைத்த தலை, வெள்ளைக் காலணி. தட்டின் மேல் சுத்தமான துணியை விரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “வுட் யூ லைக் டு அன்ட்ரெஸ் ஹிம்?”

குழந்தையின் உடையைக் கழற்ற உங்களுக்கு விருப்பமா? வெளியே மழை. அறையின் மூலையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. எனக்கு விருப்பமில்லை. பழகிய பாடத்தை ஒழுங்காகச் சொன்னேன்: “நோ, தேங்க் யூ.”

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. “ரொம்பச் சரி, நானே செய்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். நாப்பித் துணியை எடுத்ததும் அவன் வீறிட்டு அழுதான். அழுகையில் அவனுடைய இடுப்புக்குக் கீழே, வலது தொடை தொடங்கும் மடிப்பில், ஒரு சின்ன வீக்கம் எழுந்தது. நானும் குளிப்பாட்டும்போது அதைக் கண்டிருந்தேன். அழுகை நின்றதும் அமுங்கிவிடும் என்பதால் சதை என்று நினைத்திருந்தேன். சிஸ்டர் அதை விரலால் மெல்லத் தொட்டார். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

“யூ மைட் லைக் டு ஹாவ் யுவர் டாக்டர் டேக் எ லுக் அட் தட். ஃபேர்லி சூன், ஐ திங்க்.”

வீடு வரும்வரை டிராமில் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘மே’ என்றால் நடக்கலாம். ‘மைட்’ என்றால் அதைவிடக் குறைவான வாய்ப்பு. எங்கள் இலக்கணப் புத்தகம் அப்படித்தான் சொன்னது. அதன் பின்னால் ‘லைக்’ வேறு. ஒருவேளை உங்களுக்கு ஒரு டாக்டரிடம் காட்டப் பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பொறியாளர். தொழிற்சாலையில் அளவுகளோடு பழகியவர்.

“சரியா என்ன வார்த்தை சொன்னாங்க?”

“மைட்.”

“மஸ்ட் இல்லையே? ஷுட் கூட இல்லையே?”

“இல்லைங்க. மைட் லைக் டு.”

“அப்ப அவசரம் ஒண்ணுமில்ல. சனிக்கிழமை நான் வீட்ல இருப்பேன், கூட்டிட்டுப் போலாம். ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?”

“ஆனா ‘சூன்’னும் சொன்னாங்க. சிரிக்கவே இல்லைங்க அவங்க.”

“உனக்கு யார் சிரிக்கலன்னாலும் பயம், சிரிச்சாலும் பயம்.”

அது உண்மைதான். அதனால்தான் என் பயத்தை நானே நம்பவில்லை. என் பயத்தைவிட இலக்கணம் நம்பகமானது என்று தோன்றியது.

மறுநாள் காலை குழந்தையைப் பக்கத்து அறையில் விட மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் வேறு ஏதோ. பாதியில் கை தூக்கினேன். “மைட் லைக் டு என்றால் எத்தனை சதவீதம்?”

“யார் சொன்னார்கள்? எதைப் பற்றி?” என்று கேட்டாள் ஆசிரியை.

சொன்னேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். “அது வாய்ப்பு இல்லை. அது அறிவுரை. ஒரு நர்ஸ் அப்படிச் சொன்னால், போ என்று அர்த்தம். ‘ஃபேர்லி சூன்’ என்றும் சொன்னார் என்றால், இன்றைக்கே போ என்று அர்த்தம்.”

“அப்படியென்றால் ஏன் போ என்று சொல்லவில்லை?”

“உங்களைப் பயமுறுத்தக் கூடாதென்று. முடிவு உங்களுடையது என்று காட்டுவதற்கு.”

கிரேக்கப் பெண் குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்: “முடிவு உன்னுடையது, ஆனால் முடிவை அந்த நர்ஸ் எடுத்துவிட்டாள். என் மாமியார் போலத்தான்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டிலும் பெரியவர்கள் “ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டலாமே” என்பார்கள். அந்த ‘லாமே’யை அனுமதி என்று நினைத்து எந்த மருமகளாவது வீட்டில் உட்கார்ந்திருப்பாளா? என் மொழியில் பேசியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

கூடத்தின் வாசலில் ஒரு தொலைபேசி இருந்தது. ஆசிரியை என்னைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனாள். “நீங்களே பேசுங்கள். பின்னால் போய்ப் பேசுங்கள்” என்றாள். டாக்டர் அறையிலிருந்த பெண் எடுத்த எடுப்பில், இன்று இடமே இல்லை என்றாள். “ஐ வாண்ட்” என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆசிரியை எனக்கு எதிரே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் டாக்டர் குட் பாசிபிளி சீ மை பேபி டுடே. த சிஸ்டர் ஃபவுண்ட் எ லம்ப்.”

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம். “மதிய உணவுக்கு முன்னால் வந்தால் நடுவில் நுழைத்துவிடலாம், கண்ணே.”

ஆசிரியை கூடத்தின் மறுகோடிவரை போயிருந்தாள். அங்கிருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

குடலிறக்கம் என்றார் டாக்டர். குடலின் ஒரு பகுதி வயிற்றுச் சுவரில் உள்ள இடைவெளி வழியாக வெளியே தள்ளுகிறது, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது சிக்கிக்கொண்டால் ஆபத்து, காத்திருப்பதில் அர்த்தமில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். கணவர் தொழிற்சாலை உடையோடு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, மாலையில் என்னிடம் பால் குடித்துவிட்டு அவன் தூங்கினான். முந்தைய இரவு, பெற்றோர் தங்கக் கூடாது என்ற வார்டு வழக்கப்படி, அவனைப் புட்டிப்பாலோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதே எனக்குத் தாங்கவில்லை. பார்வையாளர் நேரம் முடியும் மணி அடித்தது. வார்டின் தலைமை சிஸ்டர் வந்தார். குட்டையான, இறுக்கமான வாய் கொண்ட பெண்மணி. அவர் ஒரு பார்வை பார்த்தால் தந்தைமார் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

“யூ மைட் லைக் டு கோ ஹோம் நவ், மதர், அண்ட் கெட் சம் ரெஸ்ட்.”

இந்த முறை எனக்குப் புரிந்தது. இது போ என்பது. கணவர் தன் மேல்கோட்டை எடுத்துவிட்டார். ஆனால் மறுக்க மற்றவருக்கு இடம் கிடைக்கும் என்று ஆசிரியை சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதை இவரே திறந்து வைத்திருக்கிறார். நுழைந்து பார்த்தால் என்ன?

வாழ்க்கையில் அதுவரை எந்தப் பெரியவரிடமும் எதிர்த்துப் பேசாதவள், எழுந்து நின்று கேட்டேன்: “சிஸ்டர், வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஸ்டேய்ட்? ஐ வுடன்ட் பி இன் த வே.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

“நோ,” என்றார்.

அவ்வளவுதான். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். முகம் எரிந்தது. பையை எடுத்தேன், சால்வையை எடுத்தேன், குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். கண்ணீர் வந்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்துக்கொண்டே, “சாரி சிஸ்டர்” என்றேன்.

“எங்கே போகிறாய்?” என்றார் அவர். குரலில் உண்மையான குழப்பம். “ஆட்சேபனை இல்லை என்றுதானே சொன்னேன்.”

கணவர்தான் முதலில் புரிந்துகொண்டார். “ஏய், ‘மைண்ட்’ பண்ணுவீங்களான்னு கேட்ட. இல்லைன்னுட்டாங்க. இரு!”

நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. சிஸ்டர் காத்திருக்கவில்லை. நடந்து போய், கைப்பிடி வைத்த ஒரு பெரிய நாற்காலியைத் தானே தரையில் சத்தம் வராமல் இழுத்து வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். ஒரு முக்காலியையும் காலால் தள்ளி அதன் முன்னால் வைத்தார். “யூ குட் புட் யுவர் ஃபீட் அப்” என்றார், அதே இறுக்கமான வாயால்.

அது அனுமதியா, அறிவுரையா, கட்டளையா என்று நான் யோசிக்கவில்லை. காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.