ஐந்து தவறான முயற்சிகள்

திங்கள் காலை முன்பதிவு மேலாளரின் கடவுச்சொல் காலாவதியானது. எங்கள் விடுதியில் அறுபது நாளுக்கொரு முறை எல்லோருக்கும் அது நடக்கும். கணினி கேட்டது, அவர் மாற்றினார், வேலையைத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் அவரது கணக்கு பூட்டிக்கொண்டது. தவறான கடவுச்சொல் ஐந்து முறை வந்தால் அப்படித்தான் ஆகும்.

பாசிக்குடாவில் அந்த விடுதியின் கணினிகளுக்கு நான்தான் பொறுப்பு. திறந்துவிட்டேன். மீண்டும் பூட்டியது. மத்தியானத்துக்குள் நான்கு தடவை.

வரவேற்பு மேசையில் விருந்தினர்கள் நிற்கும்போதே அவர் கத்தினார்.

"என்ன ஐசே, என்னோட விளையாடுறீரா? நீர் உள்ள இருந்து பூட்டுறீர். எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரா?"

"இல்லை சேர். எங்கயோ இருந்து பழைய பாஸ்வேர்ட் வருது. உங்கட போனைப் பாப்பமா?"

"போனில மாத்தித்தான் இருக்கு. பேப்பருக்கு எழுதித் திரிஞ்ச உம்மை இதுக்கு எடுத்ததே பிழை."

அவரது போனைப் பார்த்தேன். உண்மையில் புதிய கடவுச்சொல்தான் இருந்தது. அன்று மாலையே அவர் பொது முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்தார். நான் வேண்டுமென்றே அவரது கணக்கைப் பூட்டுவதாகவும் என்னை நீக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. விசாரணை வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை கணினியின் பதிவேடுகளை வரிவரியாகப் படித்தேன். பூட்டு விழுந்த ஒவ்வொரு தடவையும் முயற்சி வந்தது மின்னஞ்சல் சேர்வரின் வழியாக. அந்தச் சேர்வரின் பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஒரு போன் அவர் பெயரில் தட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்த போனின் வகை அல்ல அது. முதன்முதலில் அது சேர்க்கப்பட்ட நாளைப் பார்த்தேன். ஆறேழு மாதத்துக்கு முன்பு, அவர் விடுமுறையில் இருந்த ஒரு வாரம்.

யாருடைய போன் என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் முன்பதிவுப் பகுதியில் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மேலாளர் லீவு எடுக்கும்போதெல்லாம் அவளிடம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து, தன் பெயரிலேயே மின்னஞ்சல்களுக்குப் பதில் போடச் சொல்வார். அப்படிப் போன ஒரு பதிலில் அறைத் திகதி பிழையாகிப் போனது. ஒரு குடும்பம் வந்து அறையில்லாமல் நின்றது. மேலாளர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அது நடந்து ஆறு மாதம். அதற்குப் பிறகு அவர் மாற்றிய எந்தக் கடவுச்சொல்லும் அவள் போனுக்குப் போகவில்லை. எங்கள் அமைப்பு கடைசியாக மாற்றிய ஒன்றிரண்டு பழைய கடவுச்சொற்களைத் தவறென்று எண்ணாமல் விட்டுவிடும். அதைவிடப் பழையதாகிவிட்டால்தான் எண்ணத் தொடங்கும். அந்தத் திங்கட்கிழமையோடு அவளுடையது அத்தனை பழையதாகியிருந்தது.

அவளுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஓம் அண்ணன், எந்நேரமும் பாஸ்வேர்ட் கேட்டு ஒண்டு வருது. நான் மூடி மூடி விடுறன். ஏன்?"

சொன்னேன்.

"அப்ப அந்தாள் இப்ப பூட்டுப்பட்டுக் கிடக்காரா?"

"இண்டைக்கு மட்டும் ஆறு தரம்."

அவள் சிரித்தாள். "அந்தக் கணக்கைப் போனில இருந்து எடுத்துவிடவா?"

நான் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

"வெள்ளி வரைக்கும் கிடக்கட்டும்," என்றேன்.

மேலாளர் என்மேல் சொன்னது திங்களன்று முழுப் பொய். செவ்வாய் மாலையில் பாதி உண்மை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உறுத்தவில்லை. புதனும் வியாழனும் அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் போய்த் திறந்துவிட்டேன். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். வியாழன் பின்னேரம் அவர் கத்துவதை விட்டுவிட்டு "கொஞ்சம் பாருங்க தம்பி" என்றார். அந்தத் 'தம்பி'யைக் கேட்க நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பொது முகாமையாளரின் மேசையில் ஒரே ஒரு தாள் வைத்தேன். நேரம், போனின் வகை, சேர்த்த நாள்.

"இது யார்ட போன்?" என்று அவர் மேலாளரைக் கேட்டார்.

"தெரியாது சேர். யாரும் களவா எடுத்திருக்கலாம்."

நான் அவளுடைய எண்ணைச் சொன்னேன். பொது முகாமையாளர் தானே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சேர்தான் பாஸ்வேர்ட் தந்தவர்," என்றாள் அவள். "தன்ட பேரில பதில் போடச் சொன்னவர். தந்த மெசேஜ் எல்லாம் இன்னும் இந்தப் போனில இரிக்கி. அனுப்பட்டா?"

மேலாளர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புங்க. அனுப்பிட்டு அந்தக் கணக்கை அழிச்சிருங்க," என்றார் பொது முகாமையாளர்.

"அழிக்கிறன் சேர். ஆனா ஒண்டு கேக்கணும். அந்தப் பிழையான பதில் அவர்ட பேரிலதானே போச்சு? பிறகு ஏன் என்னை அனுப்பினவர்?"

பொது முகாமையாளர் என்னை வெளியே போகச் சொன்னார். மேலாளரை இருக்கச் சொன்னார்.

அடுத்த கிழமை என்மீதான கடிதம் திரும்பப் பெறப்பட்டது. கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்ததற்காக மேலாளரின் பொறுப்புப் பறிபோனது. அவளை மீண்டும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. பிழை தன்னுடையதல்ல என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேலாளர் என்றிருந்த அவரது பதவியைக் கணினியில் மாற்றும் வேலை என்னிடம் வந்தது. 'முன்பதிவு உதவியாளர்', இரண்டு சொல்தான். ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.